தழும்புள்ள கருப்பையில் சுகப்பிரசவம்: யாருக்குப் பொருந்தும், யாருக்கு ஆபத்து?

முதல் குழந்தையைச் சிசேரியனில் பெற்ற பெண் அடுத்த குழந்தையை இயல்பான வழியில் பெற முயல்வதை மருத்துவர்கள் விபேக் என்கிறார்கள். முயல்பவர்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்கு அது கைகூடுகிறது என்று பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவக் கல்லூரி 2015-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. மற்றவர்கள் வலி கண்ட பிறகு மறுபடியும் அறுவை அறைக்குப் போகிறார்கள். தானாக வலி வந்தவர்களில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குப் பழைய தையல் இருந்த இடத்தில் கருப்பை கிழிந்துவிடுகிறது. இந்த எண்கள் எல்லாப் பெண்களையும் சேர்த்துப் பார்த்த சராசரிதான். ஒரு பெண்ணின் கணக்கு இன்னொரு பெண்ணின் கணக்காக இருப்பதில்லை. அவளுடைய கணக்கு எங்கே நிற்கிறது என்பதை முந்தைய அறுவை, இப்போதைய கர்ப்பம், பிரசவம் பார்க்கும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

ஜொகூர் பாரு மாவட்டத்தில், தெப்ராவ் ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள பெர்மாஸ் ஜெயாவில் வசிக்கும் தாய்க்கு இந்த மூன்றில் கடைசி விஷயம் ஓரளவு சாதகமாகவே இருக்கிறது. பண்டானில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை, நகருக்குள் சுல்தானா அமினா மருத்துவமனை, ஸ்ரீ ஆலமில் தனியார் சிறப்பு மருத்துவமனை என நிபுணர்கள் உள்ள இடங்கள் காரில் போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளும் சிங்கப்பூர் வேலையும் முடிந்து வண்டிகள் திரும்பும் மாலை வேளையில் அதே தூரம் இருமடங்காகிவிடும். மற்றத் தாய்மார்களுக்கு இது சிறு தொல்லை. தழும்புள்ள கருப்பையோடு வலி கண்டவளுக்கு இதுவும் திட்டத்தில் சேர்க்க வேண்டிய ஒன்று.

வெட்டு எங்கே விழுந்தது?

ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்ற கருத்தை 1916-இல் நியூயார்க்கில் எட்வின் கிராகின் என்ற மருத்துவர் சொன்னார். அன்றைய நிலையில் அது நியாயமான எச்சரிக்கை. அப்போதெல்லாம் கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காக வெட்டித்தான் குழந்தையை எடுத்தார்கள். சுருங்கி விரிந்து குழந்தையைத் தள்ளும் தடித்த தசை இருப்பது அந்த மேற்பகுதியில்தான். அங்கே தையல் போட்டால், அடுத்த பிரசவத்தின் ஒவ்வொரு வலியும் நேராக அந்தத் தையலைத்தான் இழுக்கும்.

1920-களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர் வேறொரு வெட்டைப் பரப்பினார். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கருப்பையின் அடிப்பகுதி மெலிந்து நீண்டு, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் ஒரு தனிப் பகுதியாக உருவாகிறது. அது வலியின்போது அதிகம் சுருங்குவதில்லை. அங்கே குறுக்காக வெட்டினால் ரத்தம் குறைவாகப் போகும், தையலும் நன்றாக ஆறும். இன்று மருத்துவமனைக் காகிதங்களில் எல்.எஸ்.சி.எஸ். என்று எழுதப்படுவது இந்த வெட்டுதான். விபேக் என்ற பேச்சே எழ முடிந்ததற்கு இதுதான் அடிப்படை.

அடியில் குறுக்கு வெட்டு ஒன்று மட்டும் இருந்தால் கிழியும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. மேற்பகுதியில் நெடுக்கு வெட்டு இருந்தால் அது நூற்றுக்கு நான்கு முதல் ஒன்பது வரை உயர்கிறது. அப்படிப்பட்டவர்களை வலி வரவே விடாமல், முன்கூட்டியே தேதி குறித்துச் சிசேரியன் செய்துவிடுகிறார்கள். குறுக்கு வெட்டு போதாமல் மேல்நோக்கி நீட்டிக் கிழித்து, தலைகீழான ‘டி’ வடிவில் முடிந்த தையல்களும் சந்தேகத்துக்குரியவைதான்.

பல தாய்மார்கள் ஏமாறும் இடம் இதுதான். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பு கருப்பையில் உள்ள வெட்டைக் காட்டுவதில்லை. அடிவயிற்றில் அழகான குறுக்குத் தழும்பு இருக்கும். உள்ளே கருப்பையில் நெடுக்கு வெட்டு இருக்கலாம். ஏழாம் மாதத்துக்கு முன்பே அவசரமாக எடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தை என்றால் இந்தச் சந்தேகம் கட்டாயம் வர வேண்டும். அந்தக் காலகட்டத்தில் கருப்பையின் அடிப்பகுதி இன்னும் உருவாகியிருக்காது. குறுக்கே வெட்ட இடம் இல்லாமல் மருத்துவர் மேலே போயிருப்பார்.

ஆகவே முதல் பதிவின்போதே கையில் இருக்க வேண்டியது பழைய அறுவையின் குறிப்பு. பிறப்புச் சான்றிதழோ பில்லோ இதற்குப் பயன்படாது. அறுவை செய்த மருத்துவர் அன்றே எழுதிய பக்கம் வேண்டும். கிடைக்காவிட்டால் விவரமான டிஸ்சார்ஜ் அறிக்கையாவது வேண்டும். அதில் மூன்று செய்திகளைத் தேடுகிறார்கள்: ஏன் அறுவை செய்தார்கள், கருப்பையில் என்ன வெட்டு, தையலின்போதோ அதற்குப் பிறகோ ஏதாவது கோளாறு நேர்ந்ததா. தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போய் மதுரையிலோ திருச்சியிலோ பெற்றுக்கொண்டு வந்தவர்களுக்கும், சிங்கப்பூரில் பெற்றவர்களுக்கும் இந்தக் காகிதம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம். மூன்றாம் மாதத்திலேயே கேட்டுவிட்டால் அவசரம் இருக்காது. கிளினிக் கெசிஹாத்தானில் தரும் இளஞ்சிவப்புப் புத்தகத்துக்குள் அதன் நகலைச் செருகிவைத்தால், இரவு இரண்டு மணிக்குப் பிரசவ அறையில் அவளைப் பார்க்கும் புதிய மருத்துவர்கூட அதைப் படித்துக்கொள்ள முடியும்.

இருவர், இரு கணக்குகள்

யாருக்குப் பொருந்தும் என்பதைப் பட்டியலாகச் சொல்வதைவிட, பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஒரே நாளில் நிபுணரைப் பார்க்கப் போகும் இரண்டு தாய்மார்களைக் கற்பனை செய்துகொண்டால் எளிதாக விளங்கும்.

முதலாமவளுக்கு 29 வயது. முதல் குழந்தை கால்மாறிக் கிடந்ததால், அதாவது பிட்டம் கீழே இருந்ததால், 39-ஆம் வாரத்தில் தேதி குறித்துச் சிசேரியன் செய்தார்கள். குறுக்கு வெட்டு. அது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. உயரத்துக்கேற்ற எடை. இந்தக் குழந்தையின் தலை கீழே இருக்கிறது, சர்க்கரை இல்லை. முதல் சிசேரியனுக்கான காரணம் இந்த முறை மீண்டும் வரவில்லை என்பதுதான் இவளுடைய பலம். அவளுடைய இடுப்பெலும்பு ஒரு குழந்தைக்கு வழிவிடாது என்று யாரும் எப்போதும் நிரூபிக்கவில்லை. சோதிக்கவே இல்லையே! குழந்தை கிடந்த நிலைக்காக முன்பு அறுவை செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 84 பேர் விபேக்கில் வெற்றி பெறுகிறார்கள்.

இரண்டாமவளுக்கு 34 வயது. முதல் பிரசவத்தில் மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். கருப்பை வாய் ஆறு சென்டிமீட்டர் வரை விரிந்தது, பிறகு பல மணி நேரம் அசையவில்லை. அதன் பிறகுதான் சிசேரியன். இப்போது உடல் எடைக் குறியீடு 33. கர்ப்பகாலச் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். குழந்தையின் எடை நான்கு கிலோவை நெருங்கும் என்று ஸ்கேன் சொல்கிறது. இந்த முறையும் தானாக வலி வராமல் மருந்து கொடுக்க வேண்டிய நிலை வரலாம். இத்தனையும் ஒருவரிடம் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதுக்கு இறங்கிவிடும். அதாவது பத்தில் ஆறு பேர் வலியையும் பட்டு, கடைசியில் அவசர அறுவைக்கும் போவார்கள்.

தொற்று, ரத்தப்போக்கு, ரத்தம் ஏற்ற வேண்டிய தேவை என்று எதை எடுத்துக்கொண்டாலும், தேதி குறித்துச் செய்யும் சிசேரியனைவிட வலி கண்ட பிறகு செய்யும் அவசர சிசேரியன்தான் தாய்க்குக் கூடுதல் தொல்லை தருகிறது. வெற்றி பெற்ற விபேக் எல்லாவற்றிலும் சுலபம், தோற்ற விபேக் எல்லாவற்றிலும் கடினம். ஆகவே வெற்றி வாய்ப்பு குறையக் குறைய முயற்சியின் லாபமும் கரைகிறது. இரண்டாமவளிடம் மருத்துவர் அறுவையைச் சிபாரிசு செய்தால் அது சோம்பலோ பண ஆசையோ இல்லை. முதலாமவளிடம் காரணம் சொல்லாமல் அறுவையைச் சிபாரிசு செய்தால், ஏன் என்று கேட்கத்தான் வேண்டும்.

இரண்டாமவளின் கதையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். சிசேரியனுக்கு முன்போ பின்போ அவள் ஒரு குழந்தையை இயல்பாகப் பெற்றிருந்தால் கணக்கே வேறு. இயல்பான பிரசவம் ஒன்று கண்டவர்களுக்கு வெற்றி வாய்ப்பு 85 முதல் 90 விழுக்காடு. கிழியும் ஆபத்தும் அவர்களுக்குக் குறைவு. வேறு எந்தக் காரணியும் இந்த அளவுக்குத் துணை செய்வதில்லை.

இடைவெளியும் எடைபோடப்படுகிறது. முந்தைய பிரசவத்துக்கும் இந்தப் பிரசவத்துக்கும் இடையில் 18 மாதங்களுக்குக் குறைவாக இருந்தால் தையல் பிரியும் வாய்ப்பு கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. கணக்கு பிரசவத்திலிருந்து பிரசவத்துக்கு. எனவே சிசேரியன் முடிந்து ஒன்பது மாதங்களுக்குள் மீண்டும் கர்ப்பமானவர்கள் இந்த வரையறைக்குள் வந்துவிடுவார்கள்.

சிலருக்குக் கணக்குப் போடவே இடமில்லை. முன்பு ஒருமுறை கருப்பை கிழிந்தவர்கள், மேற்பகுதியில் நெடுக்கு வெட்டு உள்ளவர்கள், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கொண்டு கிடப்பவர்கள் ஆகியோருக்கு விபேக் கிடையாது. இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்குச் சில நாடுகளில் நிபுணரின் நேரடி மேற்பார்வையில் முயற்சி அனுமதிக்கப்படுகிறது. அவர்களுக்குக் கிழியும் ஆபத்து நூற்றுக்கு ஒன்றைத் தாண்டுகிறது. மலேசியாவில் அவர்களுக்குப் பெரும்பாலும் மீண்டும் சிசேரியன்தான்.

வலி வரவழைப்பதில் உள்ள சிக்கல்

தழும்புள்ள கருப்பைக்குப் பாதுகாப்பான வலி தானாக வரும் வலிதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பிரசவப் பதிவுகளை ஆராய்ந்து 2001-இல் வெளிவந்த ஆய்வு இதை மறக்க முடியாதபடி காட்டியது. ஒரு சிசேரியன் ஆன பெண்களில், தானாக வலி கண்டவர்களில் ஆயிரத்துக்கு 5 பேருக்குக் கருப்பை கிழிந்தது. கருப்பை வாயை இளக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தால் வலி வரவழைக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 24 பேருக்குக் கிழிந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இல்லை. ஆனாலும் திசை மாறவில்லை: மருந்தால் வலி வரவழைத்தாலோ, வந்த வலியை ஆக்சிடோசின் டிரிப்பால் கூட்டினாலோ ஆபத்து இரண்டு மூன்று மடங்காகிறது.

இதனால்தான் வலி வரவழைத்தே ஆக வேண்டும் என்றால் பல மருத்துவமனைகள் மருந்துக்குப் பதிலாக ஃபோலி கதீட்டரை நாடுகின்றன. சிறுநீர் வடிக்கப் பயன்படும் அதே ரப்பர் குழாயைக் கருப்பை வாய்க்குள் செலுத்தி, அதன் முனையிலுள்ள பலூனில் நீர் ஏற்றி, அதன் அழுத்தத்தால் வாயை மெல்லத் திறக்க வைக்கிறார்கள். மருந்து இல்லாததால் கருப்பையை அடங்காமல் சுருங்கச் செய்யும் பயம் குறைவு. இந்த முடிவை வார்டில் இருக்கும் இளம் மருத்துவர் தனியாக எடுப்பதில்லை, நிபுணர் எடுக்கிறார்.

மருந்தும் குழாயும் வேண்டாம், விரலால் பனிக்குடச் சவ்வை நெகிழ்த்திவிட்டால் வலி தானாக வருமே என்ற எண்ணமும் உண்டு. மலாயா பல்கலைக்கழக மருத்துவர்கள் விபேக்குக்குக் காத்திருந்த இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களிடம் இதை வாராவாரம் செய்து பார்த்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். வலி தானாக வருவதிலும் சிசேரியன் விகிதத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை.

வலி வரவழைக்கும் கேள்வி மலேசியத் தமிழ்ப் பெண்களை அடிக்கடி சந்திப்பதற்குக் காரணம் சர்க்கரை. கர்ப்பகாலச் சர்க்கரை இந்திய வம்சாவளிப் பெண்களிடம் அதிகம். சர்க்கரை இருந்தால் குழந்தை பெருக்கும். அதோடு நாள் கடக்கவும் விடமாட்டார்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு 40 வாரங்களுக்கு முன்பே பிரசவத்தை முடித்துவிடப் பார்ப்பார்கள். தானாக வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய பெண்ணுக்குக் காத்திருக்க நேரம் கிடைப்பதில்லை. இதில் தாயின் கையில் இருப்பது சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைப்பது மட்டும்தான். உணவால் மட்டுமே கட்டுப்படும் சர்க்கரைக்கு மருத்துவர்கள் கொஞ்சம் கூடுதல் நாட்கள் கொடுக்கிறார்கள்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நாள் நெருங்கியதும் விளக்கெண்ணெய் கொடுக்கும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்து மலாய்த் தாய்மார்கள் அன்போடு ரும்புட் ஃபாத்திமா என்ற காய்ந்த செடியை ஊறவைத்த நீரைக் கொடுப்பதும் உண்டு. எவ்வளவு குடித்தால் கருப்பை எவ்வளவு சுருங்கும் என்று இவற்றுக்கு அளவு கிடையாது. மருத்துவமனை சொட்டுச் சொட்டாக அளந்து கொடுக்கத் தயங்கும் ஒன்றை வீட்டில் டம்ளரில் குடிப்பது தழும்புள்ள கருப்பைக்கு ஆகாது.

பிரசவ அறையில்

விபேக்குக்குத் திட்டமிட்ட பெண், வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும்வரை வீட்டில் காத்திருக்கக் கூடாது. வலி ஒழுங்கான இடைவெளியில் வரத் தொடங்கியதுமே கிளம்ப வேண்டும். பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் பட்டாலோ வலிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். கணவர் சிங்கப்பூரில் இரவு ஷிப்டில் இருந்தால் யார் காரோட்டுவது என்பதை 36-ஆம் வாரத்துக்குள் தீர்மானித்துவிடுவது நல்லது. காஸ்வேயில் நெரிசல் எப்போது தீரும் என்று யாரும் சொல்ல முடியாது.

மருத்துவமனையில் சேர்ந்ததும் கையில் பிரானுலா ஏற்றுவார்கள். ரத்தம் எடுத்து வகை பார்த்து, தேவைப்பட்டால் உடனே கிடைக்கும்படி ரத்த வங்கியில் பதிவு செய்வார்கள். வலி ஒழுங்கானதும் வயிற்றில் இரண்டு பட்டைகள் கட்டப்படும். ஒன்று குழந்தையின் இதயத் துடிப்பையும் மற்றொன்று கருப்பையின் சுருக்கத்தையும் சி.டி.ஜி. இயந்திரத்துக்கு அனுப்பும். மற்றப் பிரசவங்களில் இதை அவ்வப்போது கழற்றலாம், விபேக்கில் குழந்தை பிறக்கும்வரை கழற்றுவதில்லை. எழுந்து நடக்க முடியவில்லையே என்று பலரும் குறைப்படுவார்கள். அந்தக் குறை நியாயமானதுதான், ஆனால் அந்தத் தாளில் ஓடும் கோடுதான் முதல் காவல்.

கருப்பை வாய் எவ்வளவு விரிந்தது, தலை எவ்வளவு இறங்கியது என்பதைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பார்ட்டோகிராமில் குறிப்பார்கள். முன்னேற்றம் நின்றால், முதல் பிரசவம் பார்ப்பவளுக்குக் கொடுக்கும் அவகாசத்தைவிடக் குறைவான அவகாசத்தில் முடிவெடுப்பார்கள். நகராத பிரசவத்தைத் தள்ளிக்கொண்டே போவதுதான் தையலுக்கு ஆகாத காரியம். முதுகில் போடும் எபிடுரல் ஊசி தடை இல்லை. கருப்பை கிழிந்தால் அதன் அறிகுறிகளை அது மறைத்துவிடும் என்ற பழைய பயம் பெரிதும் போய்விட்டது. ஆனால் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த எபிடுரலை மீறி ஒருத்தி மறுபடி மறுபடி மருந்து கேட்டால், தாதியர் அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தையல் பிரிந்தால்

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சில பெண்களுக்குத் தழும்பு உள்ளே மெல்லத் திறந்திருக்கும், மேலே மூடியுள்ள சவ்வு அப்படியே இருக்கும். ரத்தப்போக்கு இருக்காது, குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. அடுத்த சிசேரியனின்போதுதான் மருத்துவர் அதைக் கண்டுபிடிப்பார். ஆபத்தானது, சுவரின் எல்லா அடுக்குகளும் கிழிந்து, குழந்தையோ நஞ்சுக்கொடியோ வயிற்றுக்குள் நழுவும் நிலை.

அது எப்படித் தெரியவரும்? தாங்க முடியாத வலி வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வலி வரலாம், ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையிலும் விடாமல் வயிறு வலிப்பது ஓர் அறிகுறி. ஆனால் அதிகம் பேரிடம் முதலில் தென்படுவது சி.டி.ஜி. தாளில் தெரியும் மாற்றம். ஏறக்குறைய பத்தில் ஏழு பேரிடம் அது பதிவாகிறது. ஒவ்வொரு சுருக்கத்தின்போதும் குழந்தையின் துடிப்பு இறங்கி ஏறும், பிறகு ஏறுவதற்கு நேரமாகும், கடைசியில் நிமிடத்துக்கு 140 துடித்தது 80-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிடும். வேறு சிலருக்கு நன்றாக வந்துகொண்டிருந்த வலி திடீரென நின்றுபோகும். கீழே இறங்கியிருந்த குழந்தையின் தலை, அடுத்த பரிசோதனையில் கைக்கு எட்டாமல் மேலே போயிருக்கும். சிறுநீரில் ரத்தம், தாயின் நாடித்துடிப்பு ஏறுவது, முகம் வெளிறுவது ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். எல்லா அறிகுறியும் ஒன்றாக வரும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

அதன் பிறகு எல்லாம் நிமிடக் கணக்கு. சந்தேகம் எழுந்து 18 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்ட குழந்தைகள் மூச்சடைப்பின் பாதிப்பில்லாமல் தப்பியதாக 2012-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அறுவை அறையும் மயக்க மருத்துவரும் ரத்தமும் அதே கட்டடத்தில் இருந்தால்தான் இந்த நேரம் சாத்தியம். வீட்டிலோ சிறிய பிரசவ விடுதியிலோ விபேக் முயல்வதற்கு எதிரான வாதம் முழுவதும் இந்த ஒரு எண்ணில் அடங்கியிருக்கிறது. பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வீட்டில் வலி நின்று ரத்தம் போகத் தொடங்கினால், ஆம்புலன்ஸ் வந்து, ஏற்றி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அந்த 18 நிமிடம் முடிந்திருக்கும்.

மருத்துவமனையில் நேர்ந்தால் வயிற்றைத் திறந்து, குழந்தையை எடுத்து, கிழிசலைத் தைக்கிறார்கள். தைக்க முடியாத அளவு சிதைந்திருந்தால் கருப்பையையே அகற்ற வேண்டி வரும். கிழிந்தவர்களில் ஏழில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இதற்கு ஆளாகிறார்கள். குழந்தையின் பக்கம் கணக்கு இப்படி: விபேக்குக்குத் திட்டமிட்ட பத்தாயிரம் பிரசவங்களில் பிரசவத்தோடு தொடர்புள்ள மரணம் சுமார் நான்கு. தேதி குறித்த சிசேரியனில் அது ஒன்று. நான்கு என்பது முதல் பிரசவம் காணும் எந்தப் பெண்ணின் குழந்தைக்கும் உள்ள ஆபத்துக்கு ஏறக்குறைய சமம். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்து பாதிப்பு ஏற்படுவது பத்தாயிரத்துக்கு எட்டு, சிசேரியனில் ஒன்றுக்கும் கீழே. சிறிய எண்கள்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல, அதை மறைத்து எந்தத் தாயிடமும் ஒப்புதல் வாங்கக் கூடாது.

மறுபக்கத்தின் விலை

மீண்டும் மீண்டும் சிசேரியன் செய்துகொள்வதற்கும் ஒரு விலை உண்டு. அது அன்றைக்குத் தெரியாது, அடுத்த கர்ப்பத்தில் தெரியும். நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டி, சுவருக்குள் வேர்விட்டு, பிரசவத்துக்குப் பிறகு பிரிய மறுக்கும் நிலை அது. அமெரிக்காவில் 30,000-க்கும் மேற்பட்ட சிசேரியன்களைக் கவனித்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், இரண்டாவது சிசேரியனில் இது ஆயிரத்துக்கு 3 பேருக்கு இருந்தது, நான்காவதில் 21 பேருக்கு. நஞ்சுக்கொடி கீழிறங்கி வாயை மூடியும் இருந்தால் எண்ணிக்கை தாவுகிறது: இரண்டாவது சிசேரியனில் நூற்றுக்கு 11, மூன்றாவதில் 40. இப்படி ஒட்டிய நஞ்சுக்கொடியோடு நடக்கும் அறுவையில் லிட்டர் லிட்டராக ரத்தம் போகும், பெரும்பாலும் கருப்பையை அகற்றித்தான் தாயைக் காப்பாற்றுகிறார்கள். அதனால்தான் தழும்புள்ள எந்தக் கருப்பைக்கும் இருபதாம் வார ஸ்கேனில் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பதைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். அது தழும்பின் மேல் தாழ்ந்து கிடந்தால் 32-ஆம் வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒரே அளவில் கனப்பதில்லை. மூன்று நான்கு குழந்தைகள் வேண்டும் என்பவளுக்கு, இரண்டாவதை இயல்பாகப் பெறுவதன் பயன் இரண்டாவதோடு முடிவதில்லை. இரண்டோடு நிறுத்திக் குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொள்ள நினைப்பவளுக்கு இந்த ஆபத்து ஏறக்குறைய பொருளற்றது. அவள் தேதி குறித்த சிசேரியனைத் தேர்ந்தெடுத்தால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. சிசேரியன் என்று முடிவானால் அது பொதுவாக 39-ஆம் வாரத்தில் நடக்கும். அதற்கு முன்பே எடுத்தால் குழந்தையின் நுரையீரலில் நீர் தங்கி மூச்சுத் திணறல் வருவது கூடுகிறது. ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்துக்காக அதை 37-ஆம் வாரத்துக்கு இழுப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

தேதி குறித்தவர்களிலும் பத்தில் ஒருவருக்கு அந்தத் தேதிக்கு முன்பே வலி வந்துவிடுகிறது. அப்படி வந்தால் அறுவைக்குப் போவதா, நன்றாகத் திறந்திருந்தால் இயல்பாகவே பெற விடுவதா என்பதை முன்கூட்டியே பேசி, நிபுணர் கையாலேயே இளஞ்சிவப்புப் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 36-ஆம் வாரப் பரிசோதனை அதற்குச் சரியான நாள்.